கடல் கடந்த இழவுச் செய்தி

சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் 88 வயது நிரம்பிய அம்மையார் ஒருவர் காலமானார். அவர் பிறந்தது யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறையில். மணமுடித்து மலாயாவுக்கு வந்தது 1956-ம் ஆண்டில். கணவர் ரயில்வேயில் வேலை பார்த்தவர். அவர் முன்னரே மறைந்துவிட்டார். மூத்த மகன் இங்கேயே இருக்கிறார். மகள் இலண்டனிலும், இளைய மகன் மெல்பர்னிலும் வாழ்கின்றனர். தமிழ்ப் பத்திரிகைக்கென்று மூத்த மகன் எழுதிய மரண அறிவித்தலை, இலண்டனிலுள்ள ஆங்கிலப் பத்திரிகை ஒன்றிலும் வெளியிட வேண்டுமென மகள் விரும்பினார். அதை மொழிபெயர்த்துத் தரும் பணி நம்மிடம் வந்தது. இருபது வரிகூட இல்லாத அச்சிறு கடிதம் நம்மை ஓர் இரவு முழுவதும் விழித்திருக்கச் செய்தது. அவ்விரவில் நாம் கண்டவற்றை, அக்குடும்பத்தாரின் இசைவுடன், பெயர்களை மட்டும் நீக்கி, அன்பர்கள் முன் வைக்கின்றோம்.

முதலில் அறிவித்தல் என்பது எவ்வாறு வந்தது என்பதைச் சிறிது நோக்குவோம். நம் முன்னோர் இறப்பைக் காகிதத்தில் அறிவித்தவர் அல்லர். ஊருக்குள் பறை சொல்லிற்று. அயலூருக்கு இழவு சொல்ல ஆள் போயிற்று. அவ்வாள் சொல்லும் சொற்கள் மிகச் சில. இன்னார் போய்விட்டார், இந்நேரத்தில் எடுக்கிறார்கள் என்பதே செய்தி. உறவு முறையை அவன் விரித்துரைக்க வேண்டியதில்லை. கேட்பவர்க்கு அது தெரியும். தபால் வந்தபின் கருப்புக் கரையிட்ட கருமாதிக் கடிதம் வந்தது. அதை வாசித்ததும் வீட்டுக்குள் கொண்டுசெல்லாது வாசலிலேயே கிழித்தெறிவர். பின்னர்த் தந்தி வந்தது. தோட்டங்களில் தந்தி என்றாலே சாவு என்று பொருள்பட்ட காலத்தை நம் முதியோர் அறிவர்.

செய்தித்தாளில் இறப்பை அறிவிக்கும் வழக்கமோ ஆங்கில நாட்டில் வளர்ந்தது. இலண்டனில் 1731-ம் ஆண்டு தொடங்கிய ‘ஜெண்டில்மன்ஸ் மாகசீன்’ என்னும் மாத இதழ் அக்காலத்து இறப்புகளைப் பட்டியலிட்டு வெளியிட்டது. பிறப்பு, மணம், இறப்பு மூன்றையும் ஒரே பத்தியில் நிறுத்தும் முறை ஆங்கிலப் பத்திரிகைகளில் நிலைபெற்று, அவை சென்ற இடமெல்லாம் சென்றது. சிங்கப்பூரில் ‘ஸ்ட்ரெயிட்ஸ் டைம்ஸ்’ 1845-ல் தோன்றிற்று. அதற்கு நான்கு ஆண்டு முன்பே, 1841-ல், யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிகள் வெளியிட்ட ‘உதயதாரகை’ தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே தாளில் தாங்கி வந்தது. ஆகவே நம் மக்கள் பத்திரிகை வாசிக்கத் தொடங்கிய காலத்திலேயே இரு மொழிகளும் அருகருகே நின்றன எனலாம்.

இதற்கோர் அடையாளம் நம் அறிவித்தலின் கடைசி வரியிலேயே கிடக்கிறது. ‘இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்’ என்று முடிப்பது யாழ்ப்பாணத்தார் வழக்கம். இது நமக்கே உரிய நடை என்றுதான் எண்ணுவோம். ஆனால் ஸ்காட்லாந்துப் பத்திரிகைகளில் வந்த பழைய மரண அறிவித்தல்களும் ‘நண்பர்கள் இவ்வறிவிப்பை ஏற்றருள்க’ என்றே முடிந்தன. வீடு வீடாகத் தனிக் கடிதம் அனுப்ப இயலவில்லை. இதையே அழைப்பாகக் கொள்ளுங்கள் என்பது இரண்டிலும் உள்ள கருத்து. எனவே அவ்வரியை ஆங்கிலத்தில் எழுதுவதற்கு நாம் ஒன்றும் புதிதாகப் புனைய வேண்டியிருக்கவில்லை. அது பழகிய வீட்டுக்குள் நுழைவதுபோல் நுழைந்துவிட்டது.

மற்ற வரிகள் அவ்வாறு நுழையவில்லை. நம் அறிவித்தல் ஒரே வாக்கியத்தில் ஓடுவது. இன்னாரின் மகளும், இன்னாரின் மனைவியும், இன்னாரின் தாயாரும், இன்னாரின் சகோதரியும் என்று உம்மையால் உறவைக் கோத்துக்கொண்டே போய், இறுதியில் ‘ஆவார்’ என்னும் ஒரே சொல்லில் இறக்கிவைப்பது. அம்மாலையை அப்படியே ஆங்கிலத்தில் எடுத்தால் ‘ஆண்ட்’ என்னும் சொல் பதினைந்து முறை வரும். படிப்பவர் நடுவில் வழிதவறுவார். ஆங்கிலத்தில் இறந்தவர் பெயரை முன்னே நிறுத்தி, நாளையும் ஊரையும் சொல்லி, உறவுகளை அரைப்புள்ளியிட்டுப் பிரித்துவிட வேண்டும். இது எளிய மாற்றம். கடினம் சொற்களில் இருக்கிறது.

முதற் சொல் இறப்பைக் குறிக்கும் சொல்லே. மகன் எழுதியது ‘இறைவனடி சேர்ந்தார்’ என்பது. தமிழில் இறப்பைச் சொல்லும் தொடர் எதுவும் வெறுமையாக நிற்பதில்லை. அது இறந்தவர் கொண்ட கொள்கையையும் கூடவே சொல்லிவிடும். சைவர் சிவபதம் அடைந்தார் என்பர். வைணவர் திருநாடு எய்தினார் என்பர். கிறிஸ்தவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என எழுதுவர். முஸ்லிம்கள் வபாத்தானார் என்பர். சமயச் சடங்கில் நம்பிக்கையற்றோர் இயற்கை எய்தினார் என்று எழுதச் சொல்லிவிட்டே போவர். இவை அனைத்தையும் ‘பாஸ்ட் அவே’ என்னும் ஒரே குழியில் தள்ளிவிடுவது எளிது. ஆயின் இயற்கை எய்தினார் என்று எழுதச் சொன்ன ஒருவரைக் கடவுள் அழைத்துக்கொண்டார் என்று ஆங்கிலத்தில் அச்சிட்டால், அவர் வாழ்நாள் முழுவதும் கொண்ட கொள்கையை அவர் இறந்த மறுநாளே நாம் பறித்தவராவோம். அவ்வாறே, இவ்வம்மையார் நாள்தோறும் பாடித் தொழுத இறைவனை வரியிலிருந்து நீக்குவதும் முறையன்று.

சரி, சொல்லுக்குச் சொல் ‘லார்ட்’ அவர்களின் பாதத்தை அடைந்தார் என எழுதலாமோ? இலண்டனில் அதைப் படிப்பவர் அம்மையாரைக் கிறிஸ்தவர் என்றே கொள்வார். ஆதலின் பெயரைச் சொல்லிவிடுவதே நேர்மை. ‘ஆகஸ்டு 14-ம் நாள் கோலாலம்பூரில் காலமாகி, சிவபெருமான் திருவடியை அடைந்தார்’ என்று இரண்டையும் எழுதினோம். முற்பகுதி எவர்க்கும் விளங்கும். பிற்பகுதி அவருக்கு உரியது. நம்மவரின் ஆங்கிலத்தில் பழகிப்போன ‘எக்ஸ்பயர்ட்’ என்னும் சொல்லை நாம் தொடவில்லை. மூச்சு வெளிச்செல்லுதல் என்பது அதன் பழம்பொருள். அப்பொருளில் அது கண்ணியமான சொல்லே. இந்தியாவிலும் இலங்கையிலும் இன்னும் அது நிலைத்திருக்கிறது. ஆனால் இன்றைய இலண்டன்வாசியின் காதில் அது தவணை கடந்த அனுமதிச் சீட்டைத்தான் நினைவூட்டும்.

இனி நாள். மகன் எழுதியது ‘புதன்கிழமை இரவு 2 மணியளவில்’ என்று. நம் வழக்கில் பொழுது விடியும்வரை முந்திய நாளே நடப்பதாகக் கொள்வோம். ஆங்கிலக் கணக்கிலோ நள்ளிரவு கடந்தால் மறுநாள். ஆகவே அது 14-ம் தேதி வியாழக்கிழமை அதிகாலை 2 மணி. இதில் இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. கோடையில் கோலாலம்பூர் இலண்டனுக்கு 7 மணி நேரம் முந்தியிருக்கிறது. மகளுக்குத் தொலைபேசி அடித்தபோது அங்கே புதன் மாலை 7 மணி. அண்ணனும் தங்கையும் இருவருமே புதன் என்று உறுதியாகச் சொன்னார்கள். இருவர் சொன்னதற்கும் காரணம் வேறு வேறு. மரணச் சான்றிதழைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தோம். வியாழன் என்றே இருந்தது. பத்திரிகையிலும் சான்றிதழிலும் நாள் வேறுபட்டால் பிற்காலத்தில் வங்கியிலும் வழக்குமன்றத்திலும் கேள்வி எழும். எனவே இறந்த ஊரின் நாள், சான்றிதழில் உள்ளபடியே எழுதப்பெறல் வேண்டும்.

இந்த ஒரு நாள் பிழை சடங்கையும் தொடும். யாழ்ப்பாணத்துச் சைவர் 31-ம் நாளில் அந்தியேட்டிக் கிரியை செய்வர். நாம் எண்ணும்போது இறந்த நாளையே முதல் நாளாகக் கொள்வோம். ஆகஸ்டு 14 முதல் நாள் எனின், 31-ம் நாள் செப்டம்பர் 13, சனிக்கிழமை. ஆங்கிலேயர் ‘31 நாட்களுக்குப் பின்’ என்று படித்தால் செப்டம்பர் 14 என்று கொள்வார். அன்று வந்து கதவைத் தட்டுவார். ஆகையால் நாளெண்ணை மட்டும் எழுதாது, தேதியையும் கிழமையையும் எழுதினோம்.

அந்தியேட்டி என்னும் சொல்லிலும் ஒரு பள்ளம் உண்டு. அது வடமொழி ‘அந்த்யேஷ்டி’ என்பதன் திரிபு. வடமொழி அகராதியைப் புரட்டினால், ஈமத்தில் செய்யும் இறுதி வேள்வி, அதாவது தகனச் சடங்கு என்று பொருள் காட்டும். அதை நம்பி எழுதினால் ஒருவரை இருமுறை எரித்ததாக முடியும்! யாழ்ப்பாணத்தில் அச்சொல் 31-ம் நாள் கிரியைக்கே உரியதாகிவிட்டது. நாம் சொல்லை மாற்றாமல் ‘அந்தியேட்டி’ என்றே ஆங்கில எழுத்தில் எழுதி, ‘31-ம் நாள் நினைவுக் கிரியை’ என்று பக்கத்தில் நான்கு சொற்களில் விளக்கினோம். அதற்கு மேல் விளக்கவில்லை. இழவு வீட்டில் வாசலில் நின்றுகொண்டு வருபவர்க்கெல்லாம் சமயப் பாடம் நடத்துவார் உண்டோ?

இதைவிடப் பெரிய பிழை ‘இறுதிக்கிரியை’ என்னும் சொல்லில் நேர்வது. இறுதி என்றால் ‘லாஸ்ட்’, கிரியை என்றால் ‘ரைட்ஸ்’ என்று இரண்டையும் ஒட்டிவிடுகிறார்கள். நம் நாட்டு ஆங்கில அறிவித்தல்களிலும் இதைக் காணலாம். ஆனால் ஆங்கிலக் கிறிஸ்தவ வழக்கில் ‘லாஸ்ட் ரைட்ஸ்’ என்பது, சாகும் தறுவாயில் உள்ளவருக்கு, உயிர் இருக்கும்போதே குருவானவர் எண்ணெய் பூசி, நற்கருணை அளித்துச் செய்யும் சடங்கு. ‘வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்கு இவருடைய லாஸ்ட் ரைட்ஸ் வீட்டில் நடைபெறும்’ என்று இலண்டன் பத்திரிகையில் போட்டால், கத்தோலிக்கர் ஒருவர் அதைப் படித்து, இறந்தவர் இன்னும் இறக்கவில்லை போலும் என்று திகைப்பார். ஈமச் சடங்கு என்னும் பொருள் தரும் ‘பியூனரல் ரைட்ஸ்’ என்பதே இங்கே பொருந்துவது.

‘பூதவுடல்’ என்பதையும் சொல்லவேண்டும். ஐம்பூதங்களால் ஆகிய உடல் என்பது அதன் பொருள். மண்ணிலிருந்தும் நீரிலிருந்தும் வந்தது மீண்டும் அவற்றோடு கலக்கப்போகிறது என்னும் எண்ணம் அச்சொல்லில் அடங்கியிருக்கிறது. பூதம் என்பதைப் பேய் என்று கொண்டு மொழிபெயர்த்த ஒரு தாளை நாம் கண்ணால் கண்டதுண்டு. ஆங்கிலத்தில் அழியும் இயல்புடைய எச்சம் என்று பொருள்படும் ‘மார்ட்டல் ரிமெயின்ஸ்’ என்னும் தொடர் உண்டு. ஐம்பூதம் அதில் இல்லை. ஆனால் உடல் நிலையற்றது என்னும் கருத்து உண்டு. அந்த அளவே போதுமென்று அதைக் கொண்டோம்.

இனி உறவு முறை. இங்கேதான் மகன் எழுதிய தாளில் உயிருக்கே ஆபத்து இருந்தது. அவர் எழுதியிருந்தது: ‘காலஞ்சென்ற’ என்று தொடங்கி, மூன்று பெயர்களை அடுக்கி, ‘ஆகியோரின் அன்புச் சகோதரியும்’ என்று. இந்தக் காலஞ்சென்ற என்னும் சொல் முதற் பெயரை மட்டும் தழுவுமோ, மூன்றையும் தழுவுமோ? தமிழிலேயே தெளிவில்லை. ஆனால் தமிழில் படிப்பவர் பெரும்பாலும் குடும்பத்தை அறிந்தவர்; ஐயம் எழாது. ஆங்கிலத்தில் ‘தி லேட்’ என்று எழுதி மூன்று பெயர்களை வைத்தால், படிப்பவர் மூவரையும் இறந்தவராகவே கொள்வார். நாம் மூத்த மகனை அழைத்துக் கேட்டோம். ‘பெரிய மாமா மட்டும்தான் இல்லை. சித்தியும் சின்ன மாமாவும் பருத்தித்துறையில் இருக்கிறார்கள். மாமாவுக்கு எண்பது ஆகிறது. நேற்றுக்கூடப் பேசினார்’ என்றார். ஒரு சொல் நின்ற இடத்தால் இருவரை நாம் கொன்றிருப்போம். கடல் கடந்த உறவினர் அதைப் படித்துவிட்டு, உயிரோடிருக்கும் அம்முதியவர் வீட்டுக்கே துக்கம் விசாரித்து எழுதியிருந்தால் என்ன ஆகும்? எனவே ஆங்கிலத்தில் இறந்த தமையனைக் கடைசியில் நிறுத்தி, ‘இன்னார், இன்னார் ஆகியோருக்கும், காலஞ்சென்ற இன்னாருக்கும் சகோதரி’ என்று வைத்தோம். தமிழ்த் தாளையும் அவ்வாறே திருத்தும்படி மகனிடம் சொன்னோம்.

அடுத்தது ‘மாமி’. அறிவித்தலில் ‘ஆகியோரின் அன்பு மாமியும்’ என்ற இடத்தில் ஐந்து பெயர்கள் இருந்தன. அம்மையாருக்குப் பிள்ளைகள் மூவர். மூவருக்கும் மணமாகிவிட்டது, ஆகவே மருமக்கள் மூவரே இருத்தல் கூடும். ஐந்து எப்படி வரும்? ஐவரையும் மருமக்கள் என்று ஆங்கிலத்தில் எழுதினால், கணக்குப் பார்க்கும் வாசகர் என்ன எண்ணுவார்? உண்மை யாதெனில், மீதி இருவர் காலஞ்சென்ற தமையனின் பிள்ளைகள். தந்தையின் தங்கையை அவர்கள் மாமி என்று அழைப்பது யாழ்ப்பாண வழக்கு. நம் தோட்டப்புறங்களில் அத்தை என்பர். மாமன் மகளையும் அத்தை மகனையும் மணக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தமையால், தந்தையின் உடன்பிறந்தாளே மணமகனின் தாயாகவும் வந்தாள். ஒரு சொல்லே இரண்டு உறவுக்கும் போதியதாயிற்று. ஆங்கிலேயருக்கு அவ்வழக்கம் இன்மையால் அவர்கள் மொழியில் இரண்டு சொற்கள் வேண்டும். மூவருக்கு மாமியார், இருவருக்கு அத்தை என்று பிரித்தோம். பெயர்களை எண்ணிப் பிள்ளைகளின் தொகையோடு ஒத்துப் பார்ப்பதே இப்பிழையைக் கண்டுபிடிக்கும் வழி.

‘பெரிய தாயார்’ என்பதும் இத்தகையதே. தங்கையின் மக்களுக்கு அம்மையார் பெரிய தாயார். அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், ஒரே தந்தைக்கு இரண்டு மனைவியர் இருந்து, இவர் மூத்தாள் என்னும் பொருள் தோன்றிவிடும். தாய்க்கு நிகராக வைத்து அழைக்கும் அன்பு, அந்நிய மொழியில் அவதூறாக மாறுவதை நினைக்கும்போது நடுக்கமாயிருக்கிறது. அங்கும் அத்தைக்குரிய அதே ஆங்கிலச் சொல்லைத்தான் இட நேர்ந்தது. தந்தையின் தங்கையும் தாயின் தமக்கையும் ஆங்கிலத்தில் ஒரே ஆள் ஆகிவிட்டனர். இது இழப்புத்தான், மறுக்கவில்லை. ஆனால் பொருள் குறைவது வேறு, பொருள் கெடுவது வேறு. முன்னதைப் பொறுக்கலாம்.

‘அன்பு’ என்னும் அடையும் நம்மைச் சிறிது நிறுத்திற்று. அன்பு மகள், அன்பு மனைவி, அன்புத் தாய் என எல்லா இடத்திலும் ஒரே சொல் வருகிறது. அன்பு செலுத்தியவரா, அன்பு செலுத்தப்பட்டவரா என்று தமிழ் கேட்பதில்லை. இரண்டும் ஒருசேரக் கிடக்கின்றன. ஆங்கிலமோ இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள் என்கிறது. பெற்றோருக்கு அன்பிற்குரிய மகள், கணவருக்கு அன்பிற்குரிய மனைவி, பிள்ளைகளுக்கு அன்பு சொரிந்த தாய் என்று அவரவர்க்கு ஏற்றபடி வைத்தோம். எல்லா உறவுக்கும் ஒவ்வோர் அடைமொழி தேடிச் சேர்க்கவில்லை. மிகுந்தால் ஆங்கிலத்தில் அது கடை விளம்பரம்போல் ஒலிக்கும்.

பெயரைப் பற்றியும் கேள்வி எழுந்தது. மணமான பெண்ணின் பிறந்த குடும்பப் பெயரைக் காட்ட ஆங்கில அறிவித்தல்களில் ‘நே’ என்னும் பிரெஞ்சுச் சொல்லை இடுவர். பழைய தோழியர் அடையாளம் காண்பதற்கு அது உதவும். அம்மையாருக்கோ குடும்பப் பெயர் என்பதே இருந்ததில்லை. மணத்துக்கு முன் தந்தை பெயரின் முதலெழுத்து. பின் கணவர் பெயர். இல்லாத ஒன்றைப் புனைந்து போடுவானேன்? நம் அறிவித்தலில் அவ்வேலையைச் செய்வது ஊர்ப்பெயர். ‘பருத்தித்துறையைப் பிறப்பிடமாகவும் கோலாலம்பூரை வசிப்பிடமாகவும் கொண்ட’ என்னும் தொடக்கத்தை, நீளம் கருதி விட்டுவிடலாம் என்று மகள் சொன்னார். நாம் விடவில்லை. அவருடன் பள்ளியில் படித்த ஒரு மூதாட்டி இலண்டனில் இருப்பாராயின், ஊரையும் தந்தை பெயரையும் கண்டுதான் இவரை இன்னார் என்று அறிவார். அவ்வாறே பிள்ளைகளின் பெயருக்குப் பின்னே அவரவர் ஊரையும் இட்டோம். மகன்மாரின் பெயரோடு தந்தை பெயரும், மகளின் பெயரோடு அவர் கணவர் பெயரும் நிற்பதால், ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதே ஆங்கிலேயருக்குத் தெரியாது போய்விடும்.

கடைசியாக ஒரு சொல் மீந்தது. அதுதான் ‘சம்பந்தி’. மூத்த மருமகள் கோல சிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் பால்மரம் வெட்டிப் பிழைத்தவர்கள். அம்மையார் படுக்கையில் கிடந்த கடைசி மாதங்களில் அச்சம்பந்தி அம்மாள் வந்து தங்கி, கஞ்சி காய்ச்சி ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டார். தமிழ் அறிவித்தலில் அவ்விருவர் பெயரும் சம்பந்தி என்று முறையாக இருந்தன. ஆங்கிலத்தில் அவ்வுறவுக்குச் சொல்லே கிடையாது. பத்திரிகை வரிக்கு வரி பணம் கேட்கிறது; ஆங்கிலேயர் எவரும் அவ்வுறவை எழுதுவதுமில்லை; விட்டுவிடலாமே என்றார் மகள். அவர் சொன்னதில் தீய எண்ணம் ஒன்றுமில்லை. ஆனால் நாம் கேட்டோம்: ‘அம்மா, இந்தத் தாளில் உள்ள அத்தனை பேரிலும், கடைசி நாளில் உங்கள் தாயாரின் கையைப் பிடித்திருந்தவர் யார்?’ தொலைபேசியில் சற்று நேரம் பேச்சில்லை. பின்னர், ‘எழுதுங்கள்’ என்றார்.

சொல் இல்லாத இடத்தில் உறவை அவிழ்த்துத்தான் எழுதவேண்டும். ‘மூத்த மருமகளின் பெற்றோரான இன்னார், இன்னார் ஆகியோருக்கு உறவினரும் தோழியும்’ என்று எழுதினோம். ஒரு வரி கூடிற்று. அதற்கு ஈடாகச் சொல்லலங்காரம் ஒன்றைக் குறைத்தோம்.

முடிவில் ஆங்கிலத்தில் நின்றது இவ்வளவே: பருத்தித்துறையில் பிறந்து கோலாலம்பூரில் வாழ்ந்த இன்னார், தமது 88-வது வயதில், ஆகஸ்டு 14-ம் நாள் காலமாகி, சிவபெருமான் திருவடியை அடைந்தார். காலஞ்சென்ற இன்னார் தம்பதியரின் அன்பிற்குரிய மகள், காலஞ்சென்ற இன்னாரின் அன்பிற்குரிய மனைவி, கோலாலம்பூர், இலண்டன், மெல்பர்ன் ஆகிய ஊர்களிலுள்ள மூவருக்கு அன்புத் தாய், மூவருக்கு மாமியார், உயிரோடுள்ள இருவருக்கும் காலஞ்சென்ற ஒருவருக்கும் சகோதரி, அவர்தம் மக்களுக்கு அத்தை, சம்பந்திமார்க்கு உறவினரும் தோழியும். ஈமக்கிரியைகள் கோலாலம்பூரில் நடந்தேறின. அந்தியேட்டி, 31-ம் நாள் நினைவுக் கிரியை, செப்டம்பர் 13, சனிக்கிழமை. உற்றார் உறவினர் நண்பர்கள் இவ்வறிவிப்பை ஏற்றருள்க.

அது வெளிவந்த தாளை மகள் வெட்டி அனுப்பியிருந்தார். மூத்த மருமகள் அதைத் தம் தாயாரிடம் காட்டினாராம். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. தம் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று மட்டும் கேட்டு, மகள் தொட்டுக் காட்டிய வரியைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அன்பர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்றுண்டு. நம் வீடுகளில் முதியோர் இருக்கும்போதே உறவுப் பட்டியல் ஒன்றை எழுதிவைத்தல் நலம். யார் யாருக்கு என்ன முறை, எவர் இருக்கிறார், எவர் மறைந்தார், எந்த ஊர், சான்றிதழில் பெயர் எவ்வாறு உள்ளது, இறப்பைக் குறிக்க எந்தச் சொல்லை அவர் விரும்புகிறார் என்பன அதில் இருக்கட்டும். அழுத கண்ணோடு எழுதும் கை தடுமாறும். பருத்தித்துறை முதியவரின் உயிர் அன்று ஒரு தொலைபேசி அழைப்பினால்தான் தப்பிற்று.